விறாந்தையில் பெயரைச் சொல்லாதீர்கள்

எங்கள் பிள்ளைகளுக்கு இப்போது வழிகாட்டல் கருத்தரங்குகளில் ஒரே பாடம்தான் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. பெரிய ஆள் ஒருவர் உரையாற்றி முடித்தவுடன் கூச்சப்படாமல் எழும்பிப் போக வேண்டும், கை கொடுக்க வேண்டும், பெயர், பாடசாலை, பெறுபேறு, எதிர்கால இலட்சியம் நாலையும் முப்பது செக்கனுக்குள் சொல்லி முடிக்க வேண்டும். தொலைபேசி இலக்கத்தையும் வாங்கி, பக்கத்தில் நின்று ஒரு படமும் எடுத்துவிட்டால் தொடர்பு உண்டாகிவிட்டதாம். முந்தினவனுக்குத்தான் வாய்ப்பு, முகம் பதிய வேண்டும் என்கிறார்கள். சொல்பவர்கள் பிள்ளைகளின் நன்மைக்காகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பாடம் பிழை. அதை நம்பி நடக்கிற பிள்ளைகள், கிடைத்த ஒரேயொரு நிமிடத்தையும் பறிகொடுக்கிறார்கள்.

தொண்டைமானாற்றில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உரை கேட்பது இந்தப் பக்கத்தில் பழகிப்போன காரியம். சந்நிதி கோயிலடியில் சமயச் சொற்பொழிவு கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வடக்கில் உயர்தரம் படித்த எவரும் வெளிக்கள நிலையத்தின் வினாத்தாளில் விழுந்து எழும்பாமல் பரீட்சை மண்டபத்துக்குப் போனதில்லை. அப்படிப் படித்து வெளிநாடு போனவர்கள், விடுமுறைக்கோ ஆவணியில் சந்நிதித் திருவிழாவுக்கோ ஊர் வரும்போது, பாடசாலை மண்டபங்களில் வந்து பேசுகிறார்கள். கம்பஸிலிருந்து விரிவுரையாளர்கள் வருகிறார்கள். உரை முடிந்ததும் விறாந்தையில் ஒரு கூட்டம் கூடும். அந்த விறாந்தையில் என்ன நடக்கிறது என்பதைப் பேச்சாளரின் பக்கமிருந்து பார்த்தால்தான் இந்தப் பாடம் எங்கே சறுக்குகிறது என்று தெரியும்.

ஒரு மணித்தியாலம் நின்று பேசியவருக்குத் தொண்டை வறண்டிருக்கும். மடிக்கணினியின் வயரைக் கழற்றிச் சுற்றிக்கொண்டிருப்பார். ஒழுங்கமைப்பாளர் ஒருபுறம் பொன்னாடையோடு நிற்பார், அதிபர் மறுபுறம் தேத்தண்ணிக்கு இழுப்பார், குழுப்படத்துக்கு யாரோ கதிரை அடுக்குவார்கள். மனதின் பாதி இன்னும் உரையில்தான் நிற்கும். எதைச் சொல்ல மறந்தோம், அந்த மூன்றாவது படம் விளங்கியிருக்குமோ என்று ஓடிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் பன்னிரண்டு பேர் வரிசையாக வந்து பன்னிரண்டு பெயர் சொன்னால் எந்தப் பெயர் தங்கும்? பெறுபேறுகளும் அப்படியே. மூன்று ஏ எடுத்த பிள்ளை வடமராட்சிக்கு அதிசயம் இல்லை, பேச்சாளருக்கும் இல்லை. மனதில் தங்குவது ஒன்றே ஒன்றுதான். அவருடைய உரைக்குள் அவர் யோசிக்காத ஓர் இடத்தில் யாராவது விரலை வைத்தால், அது தங்கும். இரவு படுக்கும்போதும் அது வரும். அப்போது “அந்தக் கிணற்றுக் கேள்வி கேட்ட பிள்ளை” என்றுதான் நினைப்பார். பெயரை அவரே பிறகு தேடிக்கொள்வார்.

இதற்குச் சென்னையில் நடந்த ஒரு சம்பவம் இருக்கிறது. அதை மேலோட்டமாகத்தான் பலர் சொல்கிறார்கள். 1928இல் ஜெர்மனியின் இயற்பியல் பேராசிரியர் ஆர்னால்ட் சொமர்ஃபெல்ட் இந்தியா வந்தபோது சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவர்களுக்கு உரையாற்றினார். சபையில் பதினெட்டு வயதுப் பருவத்துச் சுப்ரமணியன் சந்திரசேகர் இருந்தார். மறுநாள் விடுதிக்குப் போய் அவரைத் தனியே சந்தித்தார். அணு அமைப்பைப் பற்றிச் சொமர்ஃபெல்ட் எழுதிய பெரிய நூலை அந்த மாணவர் அதற்கு முன்னமே முழுதாகப் படித்திருந்தார். படித்ததைச் சொன்னார். சொமர்ஃபெல்ட் பாராட்டித் தட்டிக்கொடுத்து அனுப்பவில்லை. அந்த நூல் வந்த பிறகு இயற்பியலே மாறிவிட்டது என்றார். ஷ்ரோடிங்கர், ஹைசன்பேர்க் போன்றோர் கொண்டுவந்த புதிய குவாண்டம் இயக்கவியலை எடுத்துச் சொன்னார். உலோகங்களில் எலத்திரன்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று புதிய புள்ளியியலைக் கொண்டு தாம் எழுதி, இன்னும் வெளிவராதிருந்த கட்டுரையின் அச்சுப்படியையும் கையில் கொடுத்தார்.

இதுவரைக்கும் சொல்லி, “பார்த்தீர்களா, துணிந்து போனார், கிடைத்தது” என்று நிறுத்திவிடுகிறார்கள். விஷயம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. சந்திரசேகர் அந்த அச்சுப்படியைப் பெட்டிக்குள் வைத்துப் பத்திரப்படுத்தவில்லை. சொமர்ஃபெல்ட் உலோகத்துக்குப் பயன்படுத்திய அதே புள்ளியியலை எடுத்து, கொம்டன் சிதறல் என்ற வேறொரு பிரச்சினைக்குப் பொருத்தினார். சில மாதங்களில் கட்டுரை தயாரானது. அதே புள்ளியியலை வெண்குறுமீன்களுக்குப் பயன்படுத்தியிருந்த கேம்பிரிட்ஜின் ரால்ஃப் ஃபௌலருக்கு 1929 தொடக்கத்தில் அதை அனுப்பினார். அது இலண்டன் ரோயல் சொசைட்டியின் ஆய்விதழில் அதே ஆண்டு வந்தது. 1930இல் கேம்பிரிட்ஜ் போனபோது அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவரும் அதே ஃபௌலர்தான். கப்பலில் போகும்போது அவர் போட்ட கணக்கு இன்று சந்திரசேகர் எல்லை என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதற்கு அடிப்படையாக இருந்ததும் அந்த விடுதி அறையில் அவர் முதன்முதல் கேள்விப்பட்ட புள்ளியியல்.

இந்தச் சம்பவத்தில் முந்திக்கொண்டு போனது எங்கே? உரை முடிந்த கையோடு அவர் சூழ்ந்து நிற்கவில்லை. மறுநாள், பேச நேரம் இருக்கிற இடத்தில் போய்க் கண்டார். தன்னைப் பற்றி அவர் எடுத்துவைத்தது சொமர்ஃபெல்டின் நூலைப் படித்திருக்கிறேன் என்பது மட்டும். அதுவும் பேச்சாளரின் வேலையைப் பற்றிய சேதிதான். சந்திப்பு பயன்பட்டதற்கு முழுக் காரணமும் சந்திப்புக்குப் பிறகு செய்த வேலையில் இருக்கிறது. அச்சுப்படியை வாங்கி வீட்டில் வைத்திருந்தால் சொமர்ஃபெல்ட் இந்தியாவில் பார்த்த கெட்டிக்காரப் பிள்ளைகளில் ஒருவராகச் சந்திரசேகர் கரைந்து போயிருப்பார்.

அவர் ராமனின் அண்ணன் மகன், பிறவி மேதை, அவரை எங்கள் பிள்ளைகளோடு ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மேதைமையும் உறவும் எல்லாவற்றையும் செய்துவிடும் என்றால், அந்த நூலை முன்கூட்டியே படித்திருக்கத் தேவையில்லையே. அவர் எடுத்த படிகளைப் பாருங்கள். போகுமுன் பேச்சாளரின் வேலையைப் படித்தார், ஆறுதலாகப் பேசக்கூடிய நேரத்தைத் தேர்ந்தார், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய் வேலை செய்தார், செய்த வேலையைப் பொருத்தமான ஆளுக்கு அனுப்பினார். இவற்றில் ஒன்றுக்கும் மேதைமை வேண்டாம். மைக்கேல் ஃபரடே புத்தகம் கட்டும் தொழில் பழகிய பையன். 1812இல் ஹம்ஃப்ரி டேவியின் உரைகளைக் கேட்டு, எழுதிய குறிப்புகளைத் தானே கட்டிப் புத்தகமாக்கி டேவிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு டேவியின் ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். அவருக்கு உறவும் இல்லை, பட்டமும் இல்லை.

இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று இந்த ஊருக்கே உரியது. “கொழும்புப் பிள்ளை நாளைக்கும் பேராசிரியரைப் பிடிக்கும். தொண்டைமானாற்றுப் பிள்ளைக்கு இன்றைக்கு விட்டால் இல்லை. கனடாக்காரர் இரண்டு கிழமையில் பறந்துவிடுவார்.” உண்மைதான். அப்படியானால் இன்னும் கவனமாக அல்லவா அந்த நிமிடத்தைச் செலவழிக்க வேண்டும்? பறந்துபோகிற ஆளோடு உங்களுக்கு எஞ்சப்போவது மின்னஞ்சல் ஒன்றுதான். ரொறன்ரோவில் இருந்துகொண்டு அதை அவர் திறக்கும்போது உங்கள் முகம் அவருக்கு வராது. கேள்வி வரும். ஆகவே விறாந்தையின் ஒரே வேலை, அந்த மின்னஞ்சல் வரும்போது அதை ஏன் திறக்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணத்தை அவரிடம் விட்டுவருவதுதான்.

வெறும் வாயால் சொல்லாமல் ஓர் உரையையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். நிலத்தடி நீரைப் பற்றி ஒரு விரிவுரையாளர் தொண்டைமானாற்றில் பேசுகிறார் என்று வையுங்கள். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உவர்நீருக்கு மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது இத்துறையின் பழைய கணக்கு. அதையே திருப்பிப் பார்த்தால், இறைத்து ஓர் அடி குறைத்தால் கீழிருந்து உவர் பல அடி மேலே ஏறப் பார்க்கும். கடல்நீரேரியின் வாயில் இருக்கும் தடுப்பணை கடல்நீரை வெளியே நிறுத்தி மழைநீரை உள்ளே வைப்பதற்கானது. இதையெல்லாம் சொல்லி, ஏரிக்கரைக் கிணறுகளின் மின்கடத்துதிறனைக் காட்டும் படமொன்றையும் அவர் போடுகிறார். மின்கடத்துதிறன் கூடினால் தண்ணீரில் உப்புக் கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

உரை முடிகிறது. வழிகாட்டல் கருத்தரங்கின் பாடப்படி போகிற பிள்ளை, “சேர், உங்கட ஸ்பீச் சூப்பர், நான் உயர்தரம் கணிதப் பிரிவு, எதிர்காலத்தில பொறியியலாளரா வர ஆசை, உங்கட நம்பர் தரேலுமோ?” என்று கேட்கும். பேச்சாளர் புன்னகைப்பார், இலக்கத்தையும் கொடுப்பார். அன்றிரவு வட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் ஒன்று போகும். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும். அதோடு முடிந்தது.

மற்றப் பிள்ளை இப்படிக் கேட்கட்டும்: “சேர், ஏரிக்கரைக் கிணறுகளில் மாரி முடிஞ்ச பிறகும் உவர் குறையேல்ல எண்டு அந்தப் படத்தில காட்டினீங்கள். அந்தத் தண்ணி எடுத்தது இறைக்க முதலோ, இறைச்ச பிறகோ? எங்கட வீட்டுக் கிணறு அந்தக் கரையிலதான். விடியக் குடிக்கலாம், பின்னேரம் பயிருக்கு இறைச்சாப் பிறகு வாயில வைக்கேலாது.”

இதைச் சொல்லி முடிக்க இருபது செக்கனும் தேவையில்லை. ஆனால் அதற்குள் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். உரையைக் கேட்டிருக்கிறாள், எந்தப் படம் என்று தெரிந்து கேட்கிறாள். பேச்சாளருக்கு மட்டுமே தெரிந்த விடயத்தைக் கேட்கிறாள், ஏனென்றால் மாதிரி எப்போது எடுத்தது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவரிடம் இல்லாத ஒன்றையும் கொண்டுவருகிறாள், அந்தக் கிணற்றின் ஒரு நாளைய நடத்தை. மேலதிகமாக, விடை எதுவாக இருந்தாலும் படத்தின் பொருள் மாறக்கூடும். இறைத்த பிறகு எடுத்த தண்ணீர் என்றால், உவர் கீழிருந்து ஏறி வந்ததாக இருக்கலாம். இறைக்குமுன் எடுத்தது என்றால், பக்கத்தில் ஏரியிலிருந்து வந்ததா என்று யோசிக்க வேண்டும். துறைசார்ந்த ஆள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகமாட்டார்.

கேள்வி பிடித்ததா இல்லையா என்பதையும் அந்த இடத்திலேயே அறியலாம். “நல்ல கேள்வி” என்று சொல்லிவிட்டு உரையின் ஒரு பகுதியைத் திருப்பிச் சொன்னால் பிடிக்கவில்லை. கண் உங்கள் தோளுக்கு மேலால் போய் ஒழுங்கமைப்பாளரைத் தேடினால் நன்றி சொல்லி விலகுங்கள். முகவரி தராமல் “மின்னஞ்சல் போடுங்கோ” என்றால் அது மரியாதையான விடைகொடுத்தல். பிடித்திருந்தால் அவர் திருப்பிக் கேள்வி கேட்பார்: “எந்தப் பக்கக் கரை? கிணறு எத்தனை அடி?” கையிலிருந்த வயரைக் கீழே வைப்பார். சிலவேளை பக்கத்தில் நிற்கும் தன் மாணவரைக் கூப்பிட்டு, “இதைக் கேளும்” என்பார். அதைவிடப் பெரிய வெற்றி அந்த விறாந்தையில் கிடையாது.

அந்த இடத்தில் பலர் இன்னொரு கேள்வியும் கேட்டு, தங்கள் கதையையும் சொல்லி, கெடுத்துவிடுவார்கள். அப்போது சொல்ல வேண்டியது ஒன்றுதான்: “ஒரு மாதம் இறைக்க முதலும் இறைச்ச பிறகும் அளந்து உங்களுக்கு அனுப்பட்டோ? எந்த முகவரிக்கு?” வாங்கி எழுதிக்கொண்டு விலக வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தால் அவரிடம் உதவி கேட்ட நிலை மாறி, அவருக்கு ஒன்று தருவதாக ஒப்புக்கொண்ட நிலை வருகிறது. புலமைப்பரிசில், சிபாரிசுக் கடிதம், வேலை எதையும் அன்று வாய் திறந்து கேட்கக்கூடாது. சபையில் எல்லோர் முன்னிலும் பேச்சாளரைத் திருத்தவும் வேண்டாம். பிழை கண்டிருந்தால் விறாந்தையில் கேள்வியாகக் கேட்கலாம்.

அன்றிரவே மின்னஞ்சல் போக வேண்டும். இரண்டு நாள் போனால் அவருடைய நினைவில் நாலு உரையும் ஒன்றாகிவிடும். பொருள் வரியில் “தொண்டைமானாறு உரை: ஏரிக்கரைக் கிணறு, இறைக்க முன்னும் பின்னும்” என்று இருந்தால் போதும். உள்ளே நாலு வசனம். எந்த உரை, என்ன கேள்வி, அவர் சொன்ன விடையை நான் இப்படி விளங்கிக்கொண்டேன், எந்தத் தேதியில் அளவீடு அனுப்புவேன். பெயரும் பாடசாலையும் கடைசியில் கையொப்பமாக வரட்டும். தன் விடையை நீங்கள் பிழையாக விளங்கியிருந்தால் திருத்தாமல் இருக்க எந்த ஆசிரியராலும் முடியாது. பதில் வருவது பெரும்பாலும் அந்த மூன்றாவது வசனத்துக்குத்தான்.

பிறகு வேலை. பாடசாலை ஆய்வுகூடத்திலோ விவசாயத் திணைக்களத்து உத்தியோகத்தரிடமோ அளவுகருவி இரவல் கேட்கலாம். போத்தலை அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று தரம் அலச வேண்டும். காலையில் பம்பு போடுமுன் ஒரு தரம், அரை மணித்தியாலம் ஓடிய பிறகு ஒரு தரம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நேரத்தையும், கட்டிலிருந்து தண்ணீர் மட்டம் எத்தனை அடியில் நிற்கிறது என்பதையும், மழை பெய்ததா என்பதையும் கொப்பியில் எழுத வேண்டும். சில நாள் தவறும். தவறிய நாளை வெறுமையாகவே விட வேண்டும். இட்டுக்கட்டி நிரப்பிய அட்டவணையை இந்தத் துறையில் உள்ளவர் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார், ஏனென்றால் உண்மையான அளவீடு ஒருநாளும் அவ்வளவு ஒழுங்காக இருக்காது. சொன்ன தேதியில், எதிர்பார்த்த முடிவு வராவிட்டாலும், ஒற்றைப் பக்கத்தில் அதை அனுப்ப வேண்டும். வித்தியாசமே இல்லை என்று வந்தாலும் அது அவருக்கு ஒரு தகவல்.

பதில் வராமலும் போகலாம். அவருக்கு விரிவுரை, பரீட்சைத் தாள், வீட்டு விசேடம் எல்லாம் இருக்கும். பத்துப் பதினைந்து நாள் கழித்து இன்னும் கொஞ்ச அளவீட்டோடு ஒருமுறை எழுதலாம். “என் மடல் கிடைத்ததா” என்று மட்டும் கேட்டு எழுதக்கூடாது. அதற்கும் மௌனம் என்றால், அவரோடு சேர்ந்து கட்டுரை எழுதிய இளையவர் ஒருவருக்கு அதே பக்கத்தை அனுப்புங்கள். வேலை வீணாவதில்லை, வேறு கைக்குப் போகிறது. சந்திரசேகரின் கட்டுரையை வாங்கி வெளியிட உதவியதும் அச்சுப்படி கொடுத்தவர் இல்லை, ஃபௌலர்.

முந்தியடிக்கும் பாடத்தின் மீது எனக்கிருக்கும் பெரிய கோபம் பெண்பிள்ளைகளின் பொருட்டு. எங்கள் விறாந்தைகளில் பேச்சாளரைச் சூழ்ந்து நிற்பது யார்? பெடியன்களும் வாத்திமாரும் ஊர்ப் பிரமுகர்களும். அந்த வளையத்துக்குள் தோளால் இடித்துக்கொண்டு நுழைவதற்கு இங்கே ஒரு பெண்பிள்ளையை யாரும் விடப்போவதில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தகப்பன் படலையில் நிற்பார். பிறகு “எங்கட பெட்டையள் முன்னுக்கு வாறேல்ல” என்று அதே கருத்தரங்குகளில் கவலைப்படுகிறார்கள். உரத்த குரலும் நெருக்கித் தள்ளும் உடம்பும் உள்ளவர்களுக்குச் சாதகமான ஒரு வழியைத் திறமை என்று பெயர் வைத்துக் கற்பித்தால் வேறென்ன நடக்கும்? ஒரு கேள்வி, ஒரு முகவரி, அன்றிரவு நாலு வசனம் என்ற வழிக்கு வளையத்துக்குள் நுழையத் தேவையில்லை. கேள்வியைத் துண்டில் எழுதி ஆசிரியையிடம் கொடுத்தனுப்பினாலும் அது வேலை செய்யும்.

ஒழுங்கமைப்பாளர்களிடம் எனக்கு மூன்று வேண்டுகோள் உண்டு. பேச்சாளரின் மின்னஞ்சல் முகவரியைக் கடைசிப் படத்தில் பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள். உரை முடிந்ததும் ஒரு மேசையும் கதிரையும் தேத்தண்ணியும் வைத்து அவரைப் பதினைந்து நிமிடம் இருத்துங்கள், பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வரட்டும். அதற்கு நேரமில்லை என்றால் குழுப்படத்தை விட்டுவிடுங்கள்.